"ரூம் மாத்திக் கொடுங்கம்மா!"

தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு ஹோட்டல் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? அடடா, அது ஒரு தனி நாடகம்! சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் பால்குடங்கள் கிளம்பும். பின்னாலேயே காவடிகள். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடை. இந்த வட்டாரத்தில் அன்றைக்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. சரியாக அந்த நேரத்தில்தான் ஒருவர் கவுண்டரில் கையூன்றி, "ரூம் மாத்திக் கொடுங்க" என்பார்.

வாருங்கள், கவுண்டருக்கு உள்ளே போவோம். நாற்பது அறை உள்ள ஒரு சின்ன ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஒன்பதரை. நாற்பதும் விற்றாயிற்று. முப்பத்தேழு பேர் சாவி வாங்கிப் போய்விட்டார்கள், மூன்று பேர் இன்னும் வந்து சேரவில்லை. அந்த மூன்று அறைகளில்தான் சூட்சுமமே இருக்கிறது! பணம் கட்டியவருக்கு இன்ன வகை அறை என்றுதான் வாக்கு கொடுத்திருக்கிறது. அறை எண் கவுண்டரில் வந்து நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியும். அதுவரை எண்களை இடம் மாற்றலாம். அதைத்தான் ரிசப்ஷன் பெண் ஓரக்கண்ணால் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வந்து நிற்பவர் 207ஆம் அறைக்காரர். கூட வயதான அம்மா, அறையோ ரோட்டைப் பார்த்தது. "பின்பக்கம் ஜன்னல் வச்ச ரூம் வேணும், எங்க மச்சானுக்குக் கொடுத்த மாதிரி." பின்பக்க ஜன்னல் அறைகள் எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவள் முதல் வார்த்தையாக "இல்லை" என்று சொல்வதில்லை. "சத்தம்தான் தொந்தரவா அண்ணே, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்கிறாள். ஏசி ஒழுகினால் டெக்னீஷியன் போதும், அறையே மாற்ற வேண்டாம். காரணம் தெரியாமல் மாற்று சொன்னால் அது மாற்றே இல்லை.

சத்தம்தான். இப்போது கவனியுங்கள், மறுப்பு ஒரே மூச்சில் வருகிறது: "பின்பக்க ஜன்னல் ரூம் இன்னிக்கு ராத்திரி தர முடியாதுண்ணே, எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. அம்மா தூங்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு, சொல்லவா?"

"பார்க்கிறேன்", "ட்ரை பண்றேன்" இரண்டுக்கும் இங்கே தடா! அப்படிச் சொன்னால் அரை மணியில் அவர் மறுபடி வருவார், கோபம் இரட்டிப்பாக. "எங்க பாலிசி" என்பது அதைவிட மோசம். "வேற யாரும் சொல்லலையே" என்றாலோ, சண்டைக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி.

முதல் வழி: "உள்பக்கம் ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது, முதல்லயே சொல்லிடறேன். ரோட்டுச் சத்தம் ரொம்பக் குறையும். வாடகை கம்மி, வித்தியாசத்தைத் திருப்பித் தந்துடறோம்." கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றிய இந்தப் பகுதியில் ஜன்னலில்லா அறை புதிதல்ல. அந்த அறை இன்னும் வராத ஒருவருக்கு ஒதுக்கியது. அவருடைய பதிவுக் குறிப்பில் "அமைதியான அறை" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, எத்தனை பேர், கட்டில் ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவருக்கு 207 கிடைக்கும்: ஜன்னலோடு, ஊர்வலக் காட்சியோடு, கூடுதல் காசில்லாமல்!

ஒரு சிக்கல் உண்டு. 207இல் படுக்கை கலைந்திருந்தால் விரிப்பை மாற்றி, குளியலறையையும் கழுவ வேண்டும். துப்புரவு ஆன்ட்டியின் ஷிப்ட் முடிந்துவிட்டால் இந்த வழியே அடைபட்டுவிடும். அதனால் அவரிடம் இந்த வழியைச் சொல்வதற்கு முன்பே ஆன்ட்டிக்கு போன் போய்விட்டது.

இரண்டாவது வழி: "இன்னிக்கு இதே ரூம்ல இருங்க, காதடைப்பான் தர்றேன். நாளைக்குப் பின்பக்க ரூம் ஒண்ணு காலியாகுது. ரெண்டு மணிக்கு ரெடியாயிடும், இப்பவே உங்க பேர்ல போட்டுடறேன். நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, பெட்டியை நாங்க மாத்தி வச்சிடறோம்." இதில் நேரம் இருக்கிறது, செய்யப்போகிறவர் யார் என்பது இருக்கிறது. காலை ஷிப்ட் பையன் "எனக்குத் தெரியாதே" என்று கையை விரிக்காதபடி 207க்காரர் கண்ணெதிரிலேயே பதிவும் ஆகிறது.

பக்கத்து ஹோட்டலுக்கு அனுப்புவது கடைசி வழி. போன் செய்து, அறை உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்கலாம். ரோட்டில் போக்குவரத்துத் தடை இருக்கும். டாக்சி வாசலுக்கு வராது, அம்மாவைச் சந்து வழியாக நடத்திக் கூட்டிப்போக வேண்டும். 207க்காரர் யோசிக்கவே இல்லை, உள்ளறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கள் போவதாக இருந்தால், முன்பதிவிலேயே "பின்பக்கம், அமைதியான அறை" என்று எழுதிவிடுங்கள். போய்ச் சேரும் நாள் காலையே ஹோட்டலுக்கு ஒரு போனும் போடுங்கள். அறை எண்கள் கைமாறாமல் இருக்கும் நேரம் அதுதான்.