நகராத பறவை

தூத்துக்குடி உப்பளத்தில் விடியலிலிருந்து மதியம் வரை எடுத்த 212 படங்களை அன்றிரவு கணினியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் வானத்தின் இடது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஏதோ இருந்தது. கடல் காகமாக இருக்கும் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போனேன். அங்கேயும் அதே மூலையில் அதே காகம். அதற்கடுத்ததிலும் அப்படியே. பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் இடம் மாறிவிட்டார்கள், மேகம் நகர்ந்துவிட்டது, காகம் மட்டும் அசையவில்லை.

ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கேமராவை நிமித்தி எடுத்த படத்துல அது எங்க கிடக்கு?”

தேடிப் பார்த்தேன். நெட்டுவாக்கில் எடுத்த படங்களில் அது இடது கீழ் மூலைக்கு இறங்கியிருந்தது, உப்புக் குவியலின் மேல்.

“அப்ப அது உள்ளதான் இருக்கு தம்பி. கேமரா திரும்பினா கூடவே திரும்புது பாரு.”

சென்சார் தூசியைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது. லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டும் தூசி இப்படித் தனிப் புள்ளியாக விழாது, படத்தை லேசாக மங்கலாக்குவதோடு சரி. பார்த்து எடுக்கும் கண்ணாடித் துளையில் தெரியும் அழுக்கு படத்தில் வருவதே இல்லை. லென்ஸை மாற்றியும், கேமராவைத் திருப்பியும், சட்டத்தின் அதே மூலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது உள்ளே கிடக்கும் தூசி மட்டுமே.

சென்சார் தூசி என்று பெயர்தானே தவிர, அது சென்சாரைத் தொடுவதில்லை. சென்சாருக்கு முன்னால் மெல்லிய கண்ணாடி வடிகட்டி ஒன்று இருக்கிறது. தூசி உட்காருவது அதன் மேல். படத்தில் நாம் பார்ப்பது தூசியை அல்ல, அதன் நிழலை. இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸிலிருந்து வரும் ஒளி கூம்பு வடிவில் குவிந்து ஒவ்வொரு பிக்சலிலும் முடிகிறது. தூசி இருக்கும் மட்டத்தில் அந்தக் கூம்பின் அகலம், இடைவெளியை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் கிடைத்துவிடும். f/16-இல் 2-ஐ 16-ஆல் வகுத்தால் 0.125 மில்லிமீட்டர். f/4-இல் அரை மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் தூசி ஒன்று f/16-இன் ஒல்லியான கூம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒளியை மறித்துவிடும். f/4-இன் அகலமான கூம்பிலோ நூற்றுக்கு நான்கு பங்குதான். அதுவும் பரவலாக விழுவதால் கண்ணுக்கே படாது.

உப்பளத்தில் முன்னாலிருக்கும் பாத்தி முதல் தொலைவிலிருக்கும் குவியல் வரை எல்லாம் துல்லியமாக வேண்டுமென்று பெரும்பாலான படங்களை f/16-இல் எடுத்திருந்தேன். மேலே வெளிறிய வானம், கீழே வெள்ளை உப்பு. தூசிக்கு இதைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்! போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் f/2.8-இல் இதே கேமராவால் எடுத்த படங்களில் ஒரு புள்ளியும் தெரியவில்லை. தூசி அன்றைக்கும் உள்ளேதான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வேலை புள்ளிகளை எண்ணுவது. காட்சிப் படங்களை வைத்து எண்ணினால் நிஜக் காகமும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் தனியாக ஒரு அடையாளப் படம் எடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் நல்ல வெளிச்சம் விழும்படி வைத்து, அபெர்ச்சரை f/22-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 100-இல் வைத்தேன். ஃபோகஸைக் கைக்கு மாற்றி முடிவிலித் தொலைவுக்குத் திருப்பினேன். தாள் சட்டத்தை நிறைக்கும்படி நெருங்கி நின்று, ஒரு விநாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க கேமராவை வேண்டுமென்றே ஆட்டினேன். ஆட்டத்தில் தாளின் நாரும் கறையும் கரைந்து போகின்றன. தூசி கேமராவோடு சேர்ந்தே ஆடுவதால் அது மட்டும் கூர்மையாக நிற்கிறது. அந்தப் படத்தின் கான்ட்ராஸ்ட்டை முழுக்க ஏற்றியதும் ஒன்பது புள்ளிகள் அம்மை போட்டாற்போல் எழுந்து வந்தன.

ஆனால் காலைப் படங்களில் ஏழைத்தான் காண முடிந்தது. மீதி இரண்டு பத்தரை மணிக்குப் பிறகு எடுத்த படங்களில்தான் வருகின்றன. பத்தரைக்கு நான் என்ன செய்தேன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்று வீசிக்கொண்டிருந்த வரப்பில் நின்று 24–70 லென்ஸைக் கழற்றிவிட்டு 70–200-ஐ மாட்டினேன். திறந்த வாயில் உப்புத் துகளோ மண்ணோ ஏறியிருக்கிறது. ஆகவே ஒரே கேமரா, ஒரே நாள் என்றாலும் இது ஒரு தொடர் அல்ல, இரண்டு.

லென்ஸ் மாறினால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிழல் என்றேன் அல்லவா? நிழல் எங்கே விழும் என்பது ஒளி எந்தச் சாய்வில் வருகிறது என்பதைப் பொறுத்தது. படத்தின் நடுவில் ஒளி நேராக இறங்குவதால் அங்குள்ள புள்ளி எந்த லென்ஸிலும் இடம் மாறாது. ஓரத்தில் சாய்ந்து வருகிறது, அந்தச் சாய்வு லென்ஸுக்கு லென்ஸ், ஜூமுக்கு ஜூம் வேறுபடும். 6000 பிக்சல் அகலமுள்ள என் படங்களில் மூலைப் புள்ளி ஒன்று இரண்டு லென்ஸுக்கும் இடையே முப்பது பிக்சலுக்கு மேல் விலகியிருந்தது. புள்ளியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். காலைப் படத்தில் அச்சாகப் பொருந்தும் திருத்தம், மதியப் படத்தில் புள்ளியை விட்டுவிட்டுப் பக்கத்து வானத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

திருத்தும் வேலையை லைட்ரூமில் செய்தேன். காலைத் தொடரில் வானம் அதிகமுள்ள ஒரு படத்தைத் திறந்து, Healing கருவியில் Heal முறையை எடுத்து, Visualize Spots-ஐ இயக்கினால் படம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்போல் மாறிப் புள்ளிகள் சின்ன வளையங்களாகத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் புள்ளியைவிடச் சற்றே பெரிய வட்டம் வைத்தேன். மூலைப் புள்ளிகளுக்கு மட்டும் வட்டம் கொஞ்சம் தாராளம், ஜூம் மாறும்போது நிழல் நகரும் என்பதால். பிறகு மற்றப் படங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Sync. வரும் பட்டியலில் Check None கொடுத்துவிட்டு Healing ஒன்றை மட்டும் குறித்தேன். குறிக்காமல் விட்டால் அந்த ஒரு படத்தின் வெளிச்சமும் நிறமும் மற்றதற்கெல்லாம் போய்விடும்.

நெட்டுவாக்குப் படங்களைப் பற்றிய பயம் தேவைப்படவில்லை. ரா ஃபைலில் எல்லாப் படமும் படுத்தவாக்கில்தான் பதிவாகிறது. நிமிர்த்திக் காட்டு என்பது கூடவே வரும் ஒரு குறிப்புதான். திருத்தம் சென்சாரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மூலையில் வைத்த வட்டம் உப்புக் குவியல் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஏற்கெனவே வெட்டித் திருப்பி ஜேபெக்காகச் சேமித்த படங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வெட்டினதும் சென்சாரின் இடக்கணக்கு தொலைந்துவிடுகிறது. அதனால் தூசி வேலையை முடித்துவிட்டுத்தான் படத்தை வெளியே எடுக்க வேண்டும்.

முதல் தடவை நான் 212 படங்களுக்கும் சேர்த்து Sync கொடுத்துவிட்டேன். சிறுபடங்களாகப் பார்க்கையில் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. மறுநாள் ஒரு படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. தலைத்துண்டுக்குள்ளிருந்து சிரிக்கும் ஒரு அம்மாவின் படம், f/4-இல் எடுத்தது. அவர் மூக்குத்தியைக் காணோம். மூன்றாம் புள்ளியின் வட்டம் சரியாக அந்த இடத்தில் விழுந்து, கன்னத்துத் தோலை எடுத்து மூக்கில் ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் தூசியே தெரிந்திருக்காது. இல்லாத கறையைத் துடைக்கப் போய் இருந்த மூக்குத்தியைத் துடைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, Library-யில் மேலே வரும் Metadata வடிகட்டியில் Aperture-ஐ வைத்துப் பிரித்தேன். f/5.6-உம் அதைவிட அகலமாகத் திறந்தும் எடுத்தவை 61. அவற்றைத் தொடவே இல்லை. மீதி 151-ஐ லென்ஸ் வாரியாகப் பிரித்தால் காலையில் 94, பிறகு 57. முதல் கூட்டத்துக்கு ஏழு வட்டம், இரண்டாவதற்கு இடத்தைச் சரிசெய்து ஒன்பது வட்டம்.

அதன் பிறகும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரு புள்ளியின் இடத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, Lock Zoom Position போட்டுவிட்டு அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனால் எல்லாப் படத்திலும் அந்த ஒரே இடம் ஓடும். வானத்தில் விழுந்த வட்டம் எதுவும் தெரியாமல் கடந்துவிடும். தொடுவானக் கோட்டிலோ, வாரும் பலகையின் கைப்பிடியிலோ விழுந்தது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்: கோடு ஓரிடத்தில் உடைந்திருக்கும், கைப்பிடி நடுவில் மெலிந்திருக்கும். அப்படி 19 படங்கள் சிக்கின. சிலவற்றில் மாதிரி எடுக்கும் வட்டத்தை அதே கோட்டின் மேலேயே நகர்த்தி வைத்தேன். சிலவற்றில் திருத்தத்தையே அழித்தேன். சிதறிய உப்புப் பரல்களுக்கு நடுவே கிடக்கும் தூசியை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. கேனானில் Dust Delete Data என்பதை இயக்கி வெள்ளைப் பொருளைப் படமெடுத்தால், புள்ளிகளின் இடம் அதன்பின் எடுக்கும் படங்களோடு சேர்ந்தே பதிவாகும். அந்நிறுவனத்தின் மென்பொருள் அதைப் படித்துத் துடைக்கும். முன்னால் எடுத்த படங்களுக்கு அது உதவாது என்பதால் வேலைக்குக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். நிக்கானின் Image Dust Off ref photo-வைப் பிறகும் எடுக்கலாம், ஆனால் சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டு எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பழைய படங்களுக்குப் பொருந்தாது. தூசியை உதறிவிட்டு அது எங்கே இருந்தது என்று கேட்டால் எப்படி?

படங்களை அனுப்பி முடித்த பிறகுதான் கேமராவைத் திறந்தேன், அதுவரை அடையாளப் படம் செல்லுபடியாக வேண்டுமே. படத்தின் இடது மேலே தெரியும் தூசி, லென்ஸ் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும்போது இடது கீழே இருக்கும். பிம்பம் தலைகீழாக விழுவதால் மேல்கீழ் மட்டும் மாறும். வாய் கீழ்நோக்கியிருக்கும்படி கேமராவைப் பிடித்து ரப்பர் ஊதியால் பத்துப் பதினைந்து தடவை ஊதினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி பட்டால் தூசியைவிடப் பெரிய வேலையாகிவிடும். மறுபடி f/22, மறுபடி வெள்ளைத்தாள், மறுபடி ஆட்டம். ஒன்பதில் ஏழு போயிருந்தன. காகம் போகவில்லை. அதன் விளிம்பு வெளிறி நடு மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்த ஸ்டுடியோ அண்ணன், அது தூசி இல்லை, ஒட்டிக்கொண்ட ஈரத் துளி காய்ந்தது, திரவம் தொட்ட துடைப்பானால்தான் போகும் என்றார். அதற்கு இன்னும் எனக்குக் கை துணியவில்லை. அடையாளப் படத்தை அச்செடுத்து மடித்துக் கேமராப் பைக்குள் வைத்திருக்கிறேன், இரண்டு புள்ளியையும் பேனாவால் வட்டமிட்டு.