மிச்சத்தைக் கூட்டினால் மட்டும் போதாது

அட்டையில் டைனோசர் படம் போட்ட ஒரு தடிமனான புத்தகம், கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த பலருக்கும் நினைவிருக்கும். சில்பர்ஷாட்ஸும் கேல்வினும் எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடநூல் அது. அதன் பயிற்சிப் பகுதியில் இருந்த ஒரு கணக்கு, எண்களை மாற்றியும் மாற்றாமலும், இன்றும் தேர்வுத்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது. மெமரியில் 100, 500, 200, 300, 600 கிலோபைட் அளவில் ஐந்து பார்ட்டிஷன்கள் இதே வரிசையில் இருக்கின்றன. 212, 417, 112, 426 கிலோபைட் கேட்டு நான்கு ப்ராசஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எதை எங்கே வைப்பது? எந்த முறை மெமரியை நன்றாகப் பயன்படுத்துகிறது?

முறைகள் மூன்று. வரிசையில் முதலில் பார்வைக்கு வரும் போதுமான இடத்தைக் கொடுத்தால் அது ஃபர்ஸ்ட் ஃபிட். போதுமான இடங்களிலேயே ஆகச் சிறியதைத் தேடிக் கொடுத்தால் பெஸ்ட் ஃபிட். இருப்பதிலேயே ஆகப் பெரியதைக் கொடுத்தால் வொர்ஸ்ட் ஃபிட். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை, ஒரு ப்ராசஸுக்கான இடம் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது. தியேட்டரில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து உட்கார ஆசைப்படுகிறது. ஐந்து சீட் காலிதான், ஆனால் ஆளுக்கொரு வரிசையில். டிக்கெட் இருந்தும் பயனில்லை. மெமரியில் இந்த நிலைமைக்குத்தான் எக்ஸ்டர்னல் ஃப்ராக்மென்டேஷன் என்று பெயர்.

ஃபர்ஸ்ட் ஃபிட்டைப் போட்டுப் பார்ப்போம். 212-க்கு 100 போதாது. அடுத்துள்ள 500 கிடைக்கிறது, அதில் 288 மிஞ்சுகிறது. 417-க்கு 100, 288, 200, 300 எதுவும் பற்றாது. 600-ல் போய் உட்கார்கிறது, மிச்சம் 183. மூன்றாவதாக வரும் 112-ல்தான் பல விடைத்தாள்கள் சறுக்குகின்றன. அதை 200-ல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆனால் 500-ஐ உடைத்தபோது மிஞ்சிய 288 இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? வரிசையில் 200-க்கு முன்னால் நிற்பதும் அதுதான். எனவே 112 அங்கே போகும், 176 மிஞ்சும். இப்போது காலியாக இருப்பவை 100, 176, 200, 300, 183. கூட்டினால் 959. கடைசி ப்ராசஸ் கேட்பது வெறும் 426. கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் இருந்தும், ஆகப் பெரிய துண்டே 300 என்பதால் அது காத்திருக்க வேண்டியதுதான்.

வொர்ஸ்ட் ஃபிட்டிலும் இதே கதி. 212-க்கு 600-ஐக் கொடுத்து 388 மிஞ்சுகிறது. 417-க்கு 500 போய் 83 மிஞ்சுகிறது. 112-க்கு அந்த 388-ஐ வெட்டினால் 276 மிஞ்சும். காலி இடம் மறுபடியும் 959. ஆகப் பெரிய துண்டு மறுபடியும் 300. 426-க்கு இடமில்லை. பெஸ்ட் ஃபிட்டில் மட்டும் 212 போய் 300-லும், 417 போய் 500-லும், 112 போய் 200-லும் அடங்குகின்றன. 600 முழுசாகக் காத்திருந்து 426-ஐ ஏற்றுக்கொள்கிறது. மிஞ்சுவது 100, 88, 83, 88, 174. ஆக மொத்தம் 533.

இதைப் பார்த்து, 533 என்பது 959-ஐ விடக் குறைவு, அதனால் பெஸ்ட் ஃபிட்டில் ஃப்ராக்மென்டேஷன் குறைவு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். முடிவு சரி, காரணம் சரியில்லை. மொத்த மெமரி 1700. அதிலிருந்து உள்ளே போன ப்ராசஸ்களின் அளவைக் கழித்தால் வருவதுதான் மிச்சம். ஒரே ப்ராசஸ்கள் உள்ளே போயிருந்தால் எந்த முறையிலும் மிச்சத்தின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. ஃபர்ஸ்ட் ஃபிட்டுக்கும் வொர்ஸ்ட் ஃபிட்டுக்கும் ஒரே 959 வந்தது அதனால்தான். 959-க்கும் 533-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 426-தான், வேறொன்றுமில்லை. எண்ண வேண்டியது கூட்டுத்தொகையை அல்ல. ஆகப் பெரிய துண்டு எவ்வளவு, அதற்குள் அடங்காமல் நிற்கும் ப்ராசஸ் எது, அதன் அளவைவிட மொத்தக் காலியிடம் அதிகமா என்பதைத்தான். இந்த மூன்றையும் ஒவ்வொரு முறைக்கும் எழுதினால் விடை தானாக நிற்கும்.

இன்னொரு சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. பார்ட்டிஷன் என்றால் வெட்டக்கூடிய காலியிடமா, வெட்ட முடியாத நிரந்தர அறையா? 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360-ல் இரண்டு வகையும் இருந்தன. எம்எஃப்டி என்ற வகையில் அறைகளின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. எம்விடி என்ற வகையில் வேலைக்குத் தகுந்தபடி இடம் வெட்டிக் கொடுக்கப்பட்டது. நாம் மேலே போட்டது வெட்டிக் கொடுக்கும் வகை. நிரந்தர அறை என்று எடுத்துக்கொண்டால் ஒரு அறைக்கு ஒரே ப்ராசஸ். உள்ளே மிஞ்சுவது வேறு யாருக்கும் கிடைக்காது. இதுதான் இன்டர்னல் ஃப்ராக்மென்டேஷன்.

அப்படியானால் கணக்கே வேறு. ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 112 இப்போது சரியாகவே 200-க்குப் போகும். உள்ளே வீணாவது 288, 183, 88, கூட்டினால் 559. வொர்ஸ்ட் ஃபிட்டில் 112-க்கு 300 அறை போய்விடும். வீணாவது 388, 83, 188, கூட்டினால் 659. பெஸ்ட் ஃபிட்டில் நான்கும் அடங்கி 433 வீணாகிறது. இங்கே கூட்டுத்தொகைக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் அது உண்மையிலேயே பூட்டி வைக்கப்பட்ட இடம். ஃபர்ஸ்ட் ஃபிட்டில் 426 வெளியே நிற்பதைக் கவனியுங்கள்: காலியாக உள்ள அறைகள் 100-ம் 300-ம் சேர்ந்தாலும் 400-தான். சேர்த்து வைத்தாலும் போதாது என்பதால் இதை எக்ஸ்டர்னல் ஃப்ராக்மென்டேஷன் என்று எழுதக் கூடாது. கேள்வி தெளிவாக இல்லாவிட்டால், எந்த வகை என்று எடுத்துக்கொண்டேன் என்பதை விடையின் முதல் வரியில் எழுதிவிடுவது நல்லது. 112-ஐ ஒரு முறையில் வெட்டிய துண்டிலும் இன்னொரு முறையில் புது அறையிலும் வைத்து இரண்டையும் கலப்பதுதான் மதிப்பெண்ணைக் காவு வாங்குகிறது.

இந்த ஒரு கணக்கை வைத்து பெஸ்ட் ஃபிட்டே எப்போதும் ஜெயிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. டொனால்ட் கனூத் தம்முடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் முதல் தொகுதியில், 1968-லேயே இதற்கு எதிர் உதாரணம் கொடுத்திருக்கிறார். காலியிடங்கள் 1300, 1200 என இரண்டு. வருகிற கோரிக்கைகள் 1000, 1100, 250. பெஸ்ட் ஃபிட் 1000-ஐ 1200-ல் வைத்து 200 மிச்சமாக்கும்; 1100-ஐ 1300-ல் வைத்து இன்னொரு 200 மிச்சமாக்கும். கையில் 400 இருந்தும் 250-க்கு இடமில்லை. ஃபர்ஸ்ட் ஃபிட்டோ 1000-ஐ 1300-ல் வைக்கிறது, 300 மிஞ்சுகிறது. 1100-ஐ 1200-ல் வைக்கிறது, 100 மிஞ்சுகிறது. 250 அந்த 300-க்குள் போய்விடுகிறது. வொர்ஸ்ட் ஃபிட்டிலும் இதே இடங்கள்தான், அதுவும் தேறிவிடுகிறது.

பெஸ்ட் ஃபிட் இங்கே தோற்பதற்குக் காரணம் அதன் குணமேதான். நெருக்கமாகப் பொருந்தும் இடத்தையே அது தேடுவதால், மிஞ்சுவது பெரும்பாலும் எதற்கும் உதவாத சின்னத் துண்டாக இருக்கும். வொர்ஸ்ட் ஃபிட் அதற்கு மாற்றாகப் பெரிய துண்டை மிச்சம் வைக்கப் பார்க்கிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் பெரிய இடத்தையே உடைப்பதால், பெரிய ப்ராசஸ் வந்து நிற்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை வைத்துப் போட்டுப் பார்த்த சோதனைகளில் பொதுவாகப் பின்தங்கியது வொர்ஸ்ட் ஃபிட்தான். மற்ற இரண்டில் மெமரியைப் பயன்படுத்துவதில் எது மேல் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வேகத்தில் ஃபர்ஸ்ட் ஃபிட் பொதுவாக முந்துகிறது: போதுமான இடம் கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடலாம். மற்ற இரண்டுக்கும், காலியிடங்களை அளவு வாரியாக அடுக்கி வைக்காவிட்டால், பட்டியலை ஒவ்வொரு முறையும் கடைசி வரை புரட்டியாக வேண்டும்.