தேர்வாளருக்கு முன்னே ஒரு தேர்வாளர்

முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவு குழுவின் முன் போகுமுன், துறையிலேயே வேறொருவர் தேர்வாளரின் இடத்தில் அமர்ந்து அதைப் படித்துக் குறிப்பெழுதித் தருவது ஓர் ஒத்திகை முறை. இதற்கு நெறியாளர் பொருந்தமாட்டார். பல மாதம் கூடவே இருந்தவர் என்பதால், தாளில் எழுதாமல் விட்டதையும் மனத்தால் நிரப்பிப் படித்துவிடுவார். தாளில் உள்ளதை மட்டுமே அறிந்த ஒருவர்தான் வேண்டும். அவர் முதலில் உரசிப் பார்ப்பவை இரண்டு: ஆய்வுக் கேள்வி, முன்னாய்வுகள் விட்டுவைத்த இடைவெளி.

‘தமிழ்நாட்டுக் காலை உணவுத் திட்டம் மாணவர் வருகையில் ஏற்படுத்திய தாக்கம்’ என்ற தலைப்பில் ஒரு முன்மொழிவு வருவதாக வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: “இத்திட்டம் குறித்து இதுவரை யாரும் ஆராயவில்லை.” ஒத்திகைத் தேர்வாளரின் பேனா நிற்கும் முதல் இடம் இதுதான். ஓரத்தில் அவர் எழுதுவது: “மாநிலத் திட்டக் குழு வருகைப் பதிவை ஏற்கெனவே ஒப்பிட்டிருக்கிறதே? அது இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், யாரும் செய்யாதது என்பதற்காக ஏன் செய்ய வேண்டும்?”

இரண்டாவது கேள்விக்குத்தான் வலு அதிகம். ஆராயப்படாத பொருள்கள் கணக்கற்றவை. முன்னாய்வுகளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி எழும்போதுதான் இடைவெளி உண்டாகிறது. பள்ளி உணவும் வருகையும் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. பர்சானா அப்ரிடி மத்தியப் பிரதேசக் கிராமங்களில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தானியத்துக்குப் பதில் சமைத்த மதிய உணவு தரத் தொடங்கியபின் முதல் வகுப்புச் சிறுமிகளின் வருகை 10 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் கூடியது தெரிந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1982 முதலே சத்துணவு இருக்கிறது. ஒருவேளை சூடான சோறு உறுதியாகிவிட்ட பள்ளியில் இரண்டாவது வேளையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முடிவிலிருந்து விடை கிடைக்காது. இடைவெளி இங்கேதான் இருக்கிறது. முன்மொழிவோ அப்ரிடியை ‘உணவு வருகையைக் கூட்டும்’ என்ற ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. முன்னாய்வுப் பகுதி பெயர்ப் பட்டியலாக நின்றுவிட்டதற்கு இது தெளிவான அடையாளம்.

அடுத்தது கேள்வி. ‘தாக்கம்’ என்ற சொல்லைத் தேர்வாளர் வட்டமிட்டு, “எதோடு ஒப்பிட்டு?” என்று கேட்கிறார். திட்டத்துக்கு முன்பும் பின்பும் உள்ள வருகையை ஒப்பிடலாம் என்பது ஆய்வாளரின் எண்ணம். திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பரில். கொரோனாவால் மூடிக்கிடந்த தொடக்க வகுப்புகள் திறந்ததே 2021 நவம்பரில்தான். 2022 ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். அப்படியொரு ஆண்டோடு ஒப்பிட்டால், உப்புமாவோ பொங்கலோ போடாத பள்ளியிலும் வருகை கூடியே தெரியும். உணவின் பலன் எவ்வளவு, பள்ளி பழைய நிலைக்குத் திரும்பியது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

இதற்கு வழி திட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. முதலில் 1,545 பள்ளிகள். மற்ற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 2023 ஆகஸ்டில் விரிவாக்கம். ஆக 2022-23 கல்வியாண்டில் திட்டம் வந்த பள்ளியும் வராத பள்ளியும் அருகருகே இருந்தன. இவற்றை ஒப்பிடலாம். முதற்கட்டப் பள்ளிகளைக் குலுக்கலில் எடுக்கவில்லை என்பதால், இரு தொகுதியும் அதற்கு முன்பே ஒரே போக்கில் இருந்தனவா என்று மட்டும் காட்டியாக வேண்டும். பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்கள் இந்தச் சோதனைக்கு உதவாது. 2020க்கு முந்தைய பதிவேடுகளைத் தேட வேண்டியிருக்கும்.

கடைசிக் குறிப்பு அளவைப் பற்றியது. வருகைப் பதிவேடு ‘வந்தான், வரவில்லை’ என்று மட்டுமே சொல்லும். வருகை ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பள்ளியில் அது மேலும் கூட இடமில்லை. காலை உணவோ வகுப்பு தொடங்குமுன் பரிமாறப்படுவது. அது மாற்றக்கூடியது பிள்ளை வந்து சேரும் நேரத்தை. அதற்குப் பதிவேட்டை நம்பாமல், சில வாரங்கள் வாசலில் நின்று வரும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

குறிப்புகளுக்குப் பின் கேள்வி இப்படித் திருந்துகிறது: “மதிய உணவு ஏற்கெனவே உள்ள தொடக்கப் பள்ளிகளில், 2022இல் காலை உணவு பெற்ற பள்ளிகளின் வருகை, அந்த ஆண்டு பெறாத பள்ளிகளைவிடக் கூடியதா?” நேரத்தைப் பற்றிய கேள்வி தனியே போகிறது. எல்லாப் பள்ளிக்கும் திட்டம் வந்துவிட்ட நிலையில் 2022இன் காலை நேரத்தை இனி அளக்க முடியாது என்பதால், அதற்கு வேறொரு ஒப்பீடு தேட வேண்டும்.

ஒத்திகைக்கு எல்லை உண்டு. கேள்வியின் தளர்ச்சியை எந்த நல்ல வாசகரும் கண்டுபிடிப்பார். விடுபட்ட முன்னாய்வைத் துறை அறிந்தவரே சொல்ல முடியும். நண்பர் தேர்வாளராக அமர்ந்தால் ‘இன்னும் விரிவாக எழுதலாம்’ என்பது போன்ற மென்மையான குறிப்புகளே வரும். அவற்றால் எந்த வாக்கியமும் மாறாது. ஒத்திகை பலித்ததா என்பதை முன்மொழிவின் பழைய முதல் பக்கத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆய்வாளர் வாயில் பதில்கள் மட்டும் கூடி, தாளில் கேள்வி அப்படியே இருந்தால், குழுவில் அதே “எதோடு ஒப்பிட்டு?” மறுபடியும் வரும்.