சனிக்கிழமை இரவுக்கு இரண்டு குடும்பங்கள்

குடகில் ஒரு காப்பித் தோட்ட வீடு. முழு வீடாகத்தான் வாடகைக்கு விடுகிறார்கள், ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் இரண்டிலும் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2026 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, வெள்ளிக்கிழமை. நீண்ட வார இறுதி. ஒரு நாள் காலை 10 மணிக்கு ஏர்பிஎன்பியில் ஒருவர் 2ஆம் தேதி வந்து 4ஆம் தேதி கிளம்புவதாக முன்பதிவு செய்கிறார். 10.45க்கு புக்கிங்.காமில் இன்னொருவர் 3 முதல் 5 வரை எடுக்கிறார். இருவருக்கும் உறுதிச் செய்தி போய்விடுகிறது.

இத்தனைக்கும் இரண்டு காலண்டர்களும் இணைக்கப்பட்டவைதான். ஆனால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் பயன்படுத்தும் ஐகேல் இணைப்பில், ஒரு தளம் இன்னொன்றுக்குத் தானாகச் சேதி சொல்வதில்லை. தன் முன்பதிவுகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மற்றது சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து படித்துப் போகும். 9.30க்குப் படித்துவிட்டுப் போன தளத்துக்கு 10 மணிச் செய்தி எப்படித் தெரியும்?

அந்தக் கோப்பில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்:

```
BEGIN:VEVENT
DTSTART;VALUE=DATE:20261002
DTEND;VALUE=DATE:20261004
END:VEVENT
```

கடைசித் தேதி கிளம்பும் நாள். அன்றைய இரவு காலி. அதனால் 4ஆம் தேதி காலையில் ஒரு குடும்பம் போக, மாலையில் இன்னொன்று வந்தால் மோதல் இல்லை. முதலாமவர் கிளம்புமுன் இரண்டாமவர் வந்து, இரண்டாமவர் கிளம்புமுன் முதலாமவரும் வந்திருந்தால்தான் மோதல். நம் கணக்கில் 3ஆம் தேதி சனி இரவு அப்படி மாட்டிக்கொள்கிறது. அடுத்த முறை கோப்பைப் படித்தாலும் எந்தத் தளமும் ஏற்கெனவே உறுதியானதை ரத்து செய்யாது. அந்தச் சங்கடம் வீட்டுக்காரருக்கு; ரத்துக் கட்டணமும் அவர் தலையில் விழலாம்.

கோப்பில் இல்லாத ஒன்றும் உண்டு: குறைந்தபட்ச இரவுகள். ‘இரண்டு இரவாவது தங்க வேண்டும்’ என்று ஒரு தளத்தில் வைத்த விதி மற்றதற்குப் போகாது. அங்கே தனியாக வைக்க மறந்தால் யாரோ சனி இரவை மட்டும் எடுத்துக்கொள்வார். வியாழனும் திங்களும் ஆள் வராத நாட்கள் என்றால் வெள்ளியும் ஞாயிறும் ஒற்றை இரவுகளாக நிற்கும். இரண்டு இரவு விதி உள்ள தளத்தில் அவற்றைத் தனியே யாரும் எடுக்கவும் முடியாது. காலண்டரில் காலியாகத் தெரியும், வாடகை மட்டும் வராது. அப்படிப்பட்ட இடைவெளிகளுக்கு மட்டும் விதியை ஒரு இரவாகத் தளர்த்துவதே வழி.

மோதலைக் குறைக்க, முன்பதிவு வந்ததும் மற்ற தளத்தில் அந்தத் தேதிகளைக் கையாலேயே மூடிவிடலாம். கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்பதையும் இணைப்புப் பக்கத்தில் பார்க்கலாம்; நேற்றைய நேரம் நின்றால் இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள். மாதச் சந்தா கட்டி சேனல் மேனேஜர் வைத்தால் மாற்றங்கள் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ எல்லாத் தளங்களுக்கும் போகும், இரவு விதியும் சேர்ந்தே போகும். ஆனால் வழக்கமாக வரும் விருந்தினர் போனில் கேட்டு, வீட்டுக்காரர் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்ட தேதி அதற்கும் தெரியாது.