கைக்கு வராத வட்டிக்கும் வரி

சீரோ கூப்பன் பத்திரம் இடையில் வட்டி தராது. குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வில் முழுத் தொகையைப் பெறலாம்.

அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் 1,000 டாலர் பத்திரத்தை 614 டாலருக்கு வாங்குகிறீர்கள். 10 ஆண்டுக்கு, கூட்டு வட்டி 5 சதவீதம். முதல் ஆண்டில் சேரும் சுமார் 31 டாலர் கைக்கு வராது. ஆனாலும் அந்த ஆண்டே வரி உண்டு. கடன் வாங்கிய நிறுவனம் அதே வட்டியை ஆண்டுதோறும் செலவாகக் கழித்துக்கொள்கிறது. கடன் கொடுத்தவர் மட்டும் வரியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே காரணம்.

அந்த 31 டாலர் கொள்முதல் விலையோடு சேர்ந்து 645 ஆகும். இப்படியே ஆண்டுதோறும் கூடுவதால், முதிர்வில் அதே வட்டிக்கு மறுபடி வரி வராது. இடையில் வரிப்பணத்தை வேறு வருமானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் பலர் இதை ஓய்வூதியக் கணக்கில் வைக்கிறார்கள். அங்கே ஆண்டு வரி இல்லை.