ஓடட்டும், நிற்கவும் விடுங்கள்

"கடினமான உடற்பயிற்சிகளைத் தவிர்க்கவும்." இதய ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் பல சீட்டுகளில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இதைப் படிக்கிற பி.டி. வாத்தியார் என்ன முடிவுக்கு வருவார்? கபடி கடினமா, கோகோ கடினமா, இரண்டு மாடி ஏறி வகுப்புக்குப் போவது கடினமா? எதற்கு வம்பு என்று பிள்ளையை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வரி டாக்டருக்குத்தான் பாதுகாப்பு. வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் அதனால் ஒரு உபயோகமும் இல்லை.

குழந்தை இதய நிபுணர் பள்ளிக்கு எழுதும் கடிதம் எப்படி இருந்தால் உதவும்? ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பிறக்கும்போதே அவளுக்கு 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ'. 1888-இல் பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய் அந்த ஓட்டைக்கு மேல் நகர்ந்து நிற்கும். வலது கீழறையின் சுவர் தடித்திருக்கும். கெட்ட ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலே உடம்புக்குத் திரும்பிவிடுவதால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இவளுக்கு ஒரு வயதில் ஆபரேஷன் நடந்தது. ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்து, குறுகிய வழியை அகலப்படுத்தினார்கள்.

"அதான் சரியாகிவிட்டதே" என்று பள்ளி கேட்பது நியாயம்தான். ஆனால் வழியை அகலப்படுத்தும்போது பெரும்பாலும் அங்கிருக்கும் வால்வையும் வெட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. அதனால் நுரையீரலுக்குத் தள்ளிய ரத்தத்தில் கொஞ்சம் ஒவ்வொரு துடிப்பிலும் பின்வாங்கி வரும். அதைச் சுமந்து சுமந்து வலது கீழறை வருடக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். பிற்பாடு சிலருக்குப் புது வால்வு வைக்க வேண்டிவரும். இது ஒன்று. தைத்த இடத்தின் தழும்பு வழியே இதயத் துடிப்பு எப்போதாவது தாளம் தப்பலாம் என்பது இரண்டாவது. கடிதத்தின் மற்ற எல்லா வரிகளும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன: வால்வு கசிவதால் அவள் தோழிகளைவிடச் சீக்கிரம் களைப்பாள், தழும்பு இருப்பதால் ஓடும்போது மயங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடிதம் எழுதும் முன் டாக்டர் எக்கோ பார்க்கிறார், ஈ.சி.ஜி. எடுக்கிறார், பிறகு ட்ரெட்மில்லில் ஓட விடுகிறார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நம் மாணவி பத்து நிமிடம் ஓடி, கால் வலிக்கிறது என்று இறங்குகிறாள். துடிப்பு 180-ஐத் தொட்டது, தாளம் தப்பவில்லை, ஆக்சிஜன் இறங்கவில்லை. இவ்வளவும் கையில் இருப்பதால் அவர் துணிந்து இப்படி எழுத முடிகிறது:

"இவள் பி.டி. பீரியடில் எல்லா விளையாட்டிலும் கலந்துகொள்ளலாம். ஓட்டம், கோகோ, கபடி, நீச்சல் எதற்கும் தடையில்லை. களைப்பு என்று அவள் சொன்னால் உடனே உட்கார விடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து அவளாகவே வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறித்து ஓட வைக்கும் தேர்வுகளில் அவள் நடந்தே முடித்தாலும் ஏற்றுக்கொள்ளவும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடக் கூடாது. மாவட்டப் போட்டிகளுக்குத் தேர்வானால் என்னிடம் கேட்டுவிட்டு அனுப்பவும்."

தண்டனை பற்றிய வரி சிலருக்கு விநோதமாகத் தெரியலாம். நம் பள்ளிகளை அறிந்தவர்களுக்குத் தெரியாது. பொதுவாக இந்தப் பிள்ளைகளுக்கு இயற்கையாகவே ஒரு கடிவாளம் உண்டு: முடியாதபோது நின்றுவிடுவார்கள். ஓட்டத்தைவிட, நிற்க விடாமல் ஓட வைப்பதுதான் ஆபத்து. இப்படி இறுக்கத்தைத் தளர்த்துவது ஏதோ ஒரு டாக்டரின் சொந்தத் துணிச்சல் அல்ல. பிறவி இதய நோய் உள்ளவர்களை உடலுழைப்பிலிருந்து விலக்காமல் ஊக்கப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கமே 2013-இல் அறிக்கை வெளியிட்டது. இதே நோயோடு பிறந்து, ஒரு வயது முடிவதற்குள் இரண்டு ஆபரேஷன்களைக் கண்ட ஷான் வைட், பனிச்சறுக்குப் பலகையில் 2006, 2010, 2018 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். எல்லாரும் ஷான் வைட் ஆகிவிட முடியாது, அது வேறு கதை.

கடிதத்தின் அடுத்த பகுதிதான் உயிர் சம்பந்தப்பட்டது. காலை அசெம்பிளியில் வெயிலில் நீண்ட நேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து விழும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். இவளுக்கு அப்படி நடந்தால் அன்றே பெற்றோருக்குச் சொன்னால் போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பில்லாமல் சாய்ந்தால் அது வேறு. அப்போது கைகால் வெட்டி இழுக்கலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்து சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்றும் ஏமாறுவார்கள். அது மூச்சே இல்லை. கூப்பிட்டும் தட்டியும் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வந்து ஆட்கள் பொறுப்பேற்கும்வரை நிறுத்தக் கூடாது. ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால் அதைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கடிதத்தை நகலெடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. 'லாங் க்யூ.டி.' என்ற கோளாறு உள்ள பையனின் நெஞ்சில் தழும்பு இருக்காது, எக்கோவிலும் குறை தெரியாது. பார்க்க அந்த மாணவியைவிடத் திடகாத்திரமாக இருப்பான். ஆனால் அவன் இதயத்தின் மின்னோட்டத்தில் பிழை இருக்கிறது. அதில் ஒரு வகையில் நீச்சலே துடிப்பைத் தடம்புரளச் செய்யும். இன்னொரு வகையில் திடீரென்று அலறும் மணியே போதும். அவனுக்கான கடிதம் தினசரி மாத்திரையில் தொடங்கி, எந்த விளையாட்டு கூடாது என்பதுவரை கறாராக இருக்கும். பேஸ்மேக்கர் வைத்த பிள்ளைக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் மோதலும் அடியும் உள்ள ஆட்டங்கள் ஆகாது. இதய நோய் என்ற ஒரே பெயருக்குள் இத்தனை விதம் இருக்கிறது.

கடிதம் பெற்றோர் கை வழியாகவே பள்ளிக்குப் போக வேண்டும். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பி.டி. வாத்தியார் மூவரும் படித்தால் போதும்; வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய செய்தி இல்லை. தேதியில்லாத கடிதத்தை வாங்காதீர்கள். வால்வின் கசிவும் கீழறையின் அளவும் மாறக்கூடியவை என்பதால், போன வருடக் கடிதம் இந்த வருடத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஜூனில் பள்ளி திறப்பதற்குமுன் வரும் செக்கப்பில், என் பிள்ளை எதையெல்லாம் விளையாடலாம் என்று பெயர் சொல்லித் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.