ஒரே தாளில் வார அட்டவணை

ஐந்து நாள், தினம் எட்டுப் பாடவேளை. இந்தக் கால அட்டவணையை அச்செடுத்தால், எட்டாவது பாடவேளை மட்டும் இரண்டாம் தாளுக்கு ஓடிவிடுகிறது. பலரும் உடனே எக்செலில் `Fit Sheet on One Page` என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாள் ஒன்றாகிவிடும், ஆனால் 60 சதவீதமாகச் சுருங்கினால் 11 புள்ளி எழுத்து 6.6 ஆகிவிடும். சுவரில் ஒட்டினால் படிக்க முடியாது.

தாளிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரி. ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர். இருபுறமும் பத்துப் பத்து ஓரம் போக 277 மிஞ்சும். கிழமைக்கு 23, இடைவேளைக்கும் உணவு வேளைக்கும் தலா 11 ஒதுக்கினால், ஒவ்வொரு பாடவேளைக்கும் 29 மில்லிமீட்டர் கிடைக்கும். ‘சமூக அறிவியல்’ என்பதை இரண்டு வரியாக மடித்து, கீழே ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளைப் போட இது தாராளம்.

பிடிஎஃப் ஆக்குமுன் தாள் அளவு `Letter` என்றிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை. அச்சிடும்போது `Actual size` கொடுங்கள். பிறகு ஒரு கட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 29 வராவிட்டால், எங்கோ அளவு மாறியிருக்கிறது.